ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளம். ஆனாலும் ஏன் சளி பிடிக்கிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கோவிட் தடுப்பூசி மூன்று டோஸ் போட்டிருக்கிறேன், ஃப்ளூ ஊசியும் போட்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் கோவிட் ஆன்டிபாடி மிக அதிகம் என்று வந்தது. இருந்தும் வருடத்துக்கு நாலைந்து தடவை சளி பிடிக்கிறது. போன மாதம் கோவிடும் வந்து, மூன்று நாள் மூக்கொழுகலோடு போனது. அப்படியானால் ஊசி வேலை செய்யவில்லையா? எச்சிலில் ஐஜிஏ அளவு பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார் தோழி. மூக்கில் விடும் தடுப்பு மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

ஊசி வேலை செய்திருக்கிறது. கோவிட் மூன்று நாள் மூக்கொழுகலோடு போனதே அதற்கு அடையாளம். நீங்கள் பார்த்த ரத்தப் பரிசோதனையும் தவறில்லை. ஆனால் சளி பிடிக்குமா பிடிக்காதா என்பது ரத்தத்தில் முடிவாவதில்லை. அது முடிவாகிற இடம் மூக்கின் உள்ளே இருக்கும் ஈரமான சளிச்சவ்வு. அங்கே காவலுக்கு இருக்கும் ஆன்டிபாடியும் வேறு, அது உருவாகும் இடமும் வேறு.

ரத்தத்தில் அதிகம் இருப்பது ஐஜிஜி என்ற வகை. கையில் ஊசி போட்டால் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் வேலை ஆரம்பித்து, ஐஜிஜி நிறைய உருவாகி ரத்தத்தில் சுற்றுகிறது. நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றுப் பைகளின் சுவர் மிக மெல்லியது, ரத்தக் குழாய் அதை ஒட்டியே ஓடுகிறது. அதனால் ஐஜிஜி அங்கே கணிசமாகப் போய்ச் சேர்கிறது. நிமோனியாவிலிருந்து ஊசி நம்மை நன்றாகக் காப்பாற்ற இது ஒரு முக்கியக் காரணம். மூக்கின் மேற்பரப்புக்கு அதில் கொஞ்சம்தான் கசிந்து வருகிறது.

மூக்குக்கென்று உடல் தனியாகத் தயாரிப்பது ஐஜிஏ. இதைத் தயாரிக்கும் செல்கள் மூக்கின் சளிச்சவ்வுக்கு நேர் கீழேயும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளேயும் குடியிருக்கின்றன. ரத்தத்தில் ஐஜிஏ பெரும்பாலும் ஒற்றை மூலக்கூறாகத் திரியும். இங்கே தயாராவதோ இரண்டிரண்டாக, ஒரு சிறு புரத இணைப்போடு சேர்ந்து வெளியே வரும். சவ்வின் மேற்பரப்புச் செல்கள் இந்த ஜோடியை அடிப்பக்கத்தில் ஓர் ஏற்பியால் பிடித்து, செல்லுக்குள் வழியாகவே கடத்தி, மேல்பக்கத்தில் விடுகின்றன. விடும்போது அந்த ஏற்பியின் ஒரு துண்டு ஐஜிஏவோடு ஒட்டிக்கொண்டே போய்விடுகிறது. அந்தத் துண்டு வீணானதல்ல. சளியிலும் எச்சிலிலும் இருக்கும் புரதம் அரிக்கும் நொதிகளிடமிருந்து ஐஜிஏவைக் காப்பதும், சளிப் படலத்தில் அதைத் தங்க வைப்பதும் அதன் வேலை. ஒரு நாளில் நம் உடல் தயாரிக்கும் ஐஜிஏ, மற்ற எல்லா வகை ஆன்டிபாடிகளையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். அதில் பெரும்பகுதி இப்படி குடல், வாய், மூக்கு போன்ற ஈரப் பரப்புகளுக்குத்தான் போகிறது.

அங்கே அது செய்வது எளிய காரியம். வைரஸின் வெளிப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஜோடியாக இருப்பதால் ஒரே மூலக்கூறு பல இடங்களைப் பிடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்களை ஒன்றாகக் கட்டிப் போடவும் முடியும். அப்படிக் கட்டுண்ட வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாது. மூக்கின் நுண்முடிகள் சளிப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், சுமார் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் அது பின்னால் போய் விழுங்கப்பட்டுவிடும். பெரிய வீக்கமோ அழற்சியோ இல்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது. நமக்குத் தெரியவே தெரியாது.

சரி, ஊசி போட்டால் இந்த ஐஜிஏ ஏன் மூக்கில் அதிகம் வருவதில்லை? காரணம், நோய் எதிர்ப்பு செல்கள் எங்கே பழகினவோ அந்த இடத்துக்கே திரும்பும் குணம் உள்ளவை. டான்சில், அடினாய்டு, மூக்கை ஒட்டிய நிணநீர்த் திசுக்கள் ஆகியவற்றில் வைரஸைச் சந்தித்த செல்கள், சளிச்சவ்வைத் தேடிப் போகும் அடையாளங்களோடு வெளியே வருகின்றன. அக்குளில் சந்தித்த செல்களுக்கு அந்த அடையாளம் பெரும்பாலும் இருக்காது. ஏற்கெனவே ஒரு தடவை அந்தக் கிருமி மூக்கு வழியாக வந்துபோன ஒருவருக்கு ஊசி போட்டால், மூக்கின் ஐஜிஏ சற்று ஏறலாம். முன் அனுபவமே இல்லாதவருக்கு அது மிகக் குறைவு.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். முன்பு சந்தித்த கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் நினைவு செல்கள் ரத்தத்தில் இருக்கின்றனவே, வைரஸ் வந்ததும் அவை எழுந்து ஆன்டிபாடி தயாரிக்காதா? தயாரிக்கும். ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும், பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள். சாதாரணச் சளியை அதிகம் உண்டாக்கும் ரைனோவைரஸ் உள்ளே வந்து ஒன்றிரண்டு நாளிலேயே தொண்டை கரகரக்கிறது, மூன்றாம் நாளுக்குள் மூக்கொழுகல் உச்சத்துக்குப் போகிறது. நினைவு செல்கள் வருவதற்குள் பாதி நாடகம் முடிந்துவிடும். தட்டம்மையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது உள்ளே வந்து அறிகுறி காட்ட 10 முதல் 14 நாள் ஆகிறது, நடுவே ரத்தத்தின் வழியாகவும் பரவ வேண்டியிருக்கிறது. நினைவு செல்களுக்கு அவகாசம் கிடைக்கிறது, ரத்தத்து ஐஜிஜியும் வழியில் நிற்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி பல பத்தாண்டுகள் காப்பதும், சளியை ஊசியால் நிறுத்த முடியாததும் பெருமளவு இந்தக் கால வித்தியாசத்தால்தான். அடைகாலம் குறைவாக இருக்கும் நோயைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டுமென்றால், ஆன்டிபாடி முன்கூட்டியே மூக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூக்கில் அது இருந்தால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்பதை நேரடியாகப் பார்த்த ஒரு பரிசோதனை உண்டு. இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே, 1946 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சளி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கியது. சம்மதித்து வந்த ஆரோக்கியமானவர்களுக்கு மூக்கில் சளி வைரஸை விட்டு, என்ன நடக்கிறது என்று நாள்தோறும் கவனிப்பதுதான் அங்கே வேலை. 1990-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 15 பேருக்கு 229இ என்ற கொரோனா வைரஸைக் கொடுத்தார்கள். கோவிட்டுக்கு வெகு காலம் முன்பே நம்மிடையே சுற்றி வரும், வெறும் சளியை மட்டும் தரும் கொரோனா வைரஸ் அது. 15 பேரில் 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது, அவர்களில் 8 பேருக்குச் சளி பிடித்தது. தொற்று ஏற்பட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்திருக்கிறது. தொற்றுக்குப் பிறகு ரத்தத்திலும் மூக்கிலும் ஆன்டிபாடி ஒரு வாரத்தில் ஏற ஆரம்பித்து, இன்னொரு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

ஒரு வருடம் கழித்து அதே வைரஸை மறுபடியும் கொடுத்தார்கள். முதல் தடவை தொற்று வந்தவர்களில் பலருக்கு மீண்டும் தொற்று ஏற்பட்டது, மூக்கில் வைரஸ் கிடைத்தது. ஆனால் வைரஸ் வெளிவந்த நாட்கள் குறைந்தன, ஒருவருக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. முதல் தடவை தப்பித்தவர்கள் இருக்கிறார்களே, ஆன்டிபாடி அதிகம் இருந்தவர்கள், அவர்கள் அத்தனை பேருக்கும் இந்த முறை தொற்று வந்தது. ஒரு வருடத்துக்கு முன் அவர்களைக் காத்த பாதுகாப்பு இப்போது தொற்றைத் தடுக்கப் போதவில்லை.

உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை. 'வைரஸ் வருவது' வேறு, 'நோய் வருவது' வேறு. தொற்றை வாசலிலேயே நிறுத்தும் பாதுகாப்பு முதலில் தேய்கிறது, நோயைக் குறைக்கும் பாதுகாப்பு அதைவிட அதிக காலம் நிற்கிறது. கோவிட்டிலும் இதே கதைதான். ஸ்வீடனில் மூன்று டோஸ் ஊசி போட்ட மருத்துவப் பணியாளர்களை ஒமிக்ரான் பரவிய நேரத்தில் தொடர்ந்து பரிசோதித்தார்கள். மூக்கில் ஐஜிஏ அதிகம் இருந்தவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. ரத்தத்தில் அளந்த ஐஜிஜி அந்த அளவுக்கு வேறுபாட்டைக் காட்டவில்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் பெரிய எண், மூக்கில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

அப்புறம், சளி என்பது ஒரே வைரஸின் வேலை அல்ல. ரைனோவைரஸில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒரு வகைக்கு எதிராக மூக்கில் உருவான ஐஜிஏ இன்னொரு வகையை அநேகமாகப் பிடிக்காது. இது தவிர கொரோனா வைரஸ்கள், ஆர்எஸ்வி, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோவைரஸ் எல்லாம் இருக்கின்றன. பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று சளி சாதாரணம், சிறு குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு. நாள் முழுக்க அந்தக் குழந்தைகளோடு இருக்கும் ஆசிரியைக்கு நாலைந்து வருவதை நான் எதிர்ப்புச் சக்திக் குறைவாகப் பார்க்கமாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'சளி' என்று நீங்கள் எண்ணுவதில் சில, தண்ணீர் போன்ற மூக்கொழுகலும் தொடர் தும்மலும் கண் அரிப்புமாக, காய்ச்சலோ தொண்டை வலியோ இல்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. அதற்கு மருத்துவம் வேறு. 'அடிக்கடி சளி' என்று வருபவர்களில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

எச்சில் பரிசோதனைக்கு வருவோம். தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியில் எச்சில் ஐஜிஏ பயனுள்ள அளவீடுதான். ஊசி குத்தாமல் எடுக்கலாம், ஆயிரம் பேரிடம் எளிதாகச் சேகரிக்கலாம். ஒரு தனி மனிதரின் முடிவுக்கு அது உதவாததற்கு முக்கியக் காரணம், அங்கே அளப்பது மொத்த ஐஜிஏ என்பதுதான். அதில் உங்களைத் தாக்கப்போகும் வைரஸுக்கு எதிரானது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. வாயில் இருக்கும் சாதாரண பாக்டீரியாக்களுக்கு எதிரானதே அதில் நிறைய இருக்கும். இன்னொரு சிக்கல், எச்சில் சுரக்கும் வேகம். வாய் வறண்டிருக்கும்போது எடுத்தால் ஐஜிஏ கெட்டியாக, அதிகமாகத் தெரியும். எதையாவது மென்றுவிட்டு எடுத்தால் எச்சில் பெருகி, நீர்த்துக் குறைவாகத் தெரியும். அதனால் ஆய்வாளர்கள் செறிவை மட்டும் பார்க்காமல், நிமிடத்துக்கு எவ்வளவு எச்சில் வந்தது என்பதையும் அளந்து, நிமிடத்துக்கு எவ்வளவு ஐஜிஏ சுரந்தது என்று கணக்கிடுவார்கள். விளம்பரங்களில் வரும் பரிசோதனைகளில் இது பெரும்பாலும் இருக்காது. ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு எண், மாலையில் வேறு எண். இவ்வளவுக்குக் கீழே போனால் சளி பிடிக்கும் என்று எல்லோரும் ஏற்ற ஒரு எல்லைக்கோடும் கிடையாது. மூக்கின் ஐஜிஏவுக்கு எச்சில் ஒரு தோராயமான மாற்று மட்டுமே. ஆகவே அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஐஜிஏ உண்மையிலேயே இல்லாதவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது ரத்தத்தில் ஐஜிஏ அளவு பார்ப்பதன் மூலம். டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் கீழே, மற்ற வகைகள் சரியாக இருந்தால், அதற்கு 'தனித்த ஐஜிஏ குறைபாடு' என்று பெயர். அவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஐஜிஎம் என்ற இன்னொரு வகையையும் அதே ஏற்பி மேலே கடத்தும், அது ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. திரும்பத் திரும்ப சீழ்பிடித்த சைனஸ், காது நோய், நிமோனியா, விடாத வயிற்றுப்போக்கு என்று இருந்தால் இந்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கொழுகலுக்காக வேண்டாம்.

இனி மூக்குவழித் தடுப்பு மருந்து. கருத்து சரியானது: கிருமி வரும் வழியிலேயே செல்களைப் பழக்கினால், அதே வழியில் காவல் நிற்கும். போலியோ இதற்குப் பழைய சாட்சி. வாய்வழிச் சொட்டு மருந்து குடலில் ஐஜிஏவை உருவாக்குகிறது, வைரஸ் குடலில் பெருகுவதையே குறைக்கிறது. போலியோ ஊசி போட்டவருக்குக் கைகால் செயலிழப்பு வராது, ஆனால் குடலில் வைரஸ் பெருகிப் பரவலாம். 2013-இல் இஸ்ரேலில் சாக்கடை நீரில் போலியோ வைரஸ் மாதக்கணக்கில் தென்பட்டது, ஒருவருக்கும் கைகால் செயலிழப்பு வரவில்லை. அங்கே பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு ஊசி மட்டுமே போட்டு வந்தார்கள். பிறகு சொட்டு மருந்தும் கொடுத்துத்தான் பரவலை நிறுத்தினார்கள்.

மூக்கில் இதைச் செய்வது அவ்வளவு சுலபமில்லை. ஒரு துளி மருந்து விட்டால், வைரஸைத் தள்ளிவிடும் அதே சளி ஓட்டம் மருந்தையும் தொண்டைக்குத் தள்ளிவிடும். அது தங்கி வேலை செய்ய, உயிருள்ள பலவீனமான வைரஸாக இருந்து கொஞ்சம் பெருக வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்க்க வேண்டும். துணைப்பொருள் சேர்த்த ஒரு ஃப்ளூ மூக்கு மருந்து 2000-ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் வந்தது. அதைப் போட்டவர்களில் முகவாதம் அதிகமானது தெரிந்ததும் திரும்பப் பெற்றார்கள். மூக்கு மருந்தைப் பரிசோதிப்பதில் இவ்வளவு தயக்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

உயிருள்ள வைரஸ் வழியில் வெற்றி பெற்றது ஃப்ளூ ஸ்ப்ரே. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி கிடைத்தது. அதில் இருக்கும் வைரஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரிலும் நன்றாகப் பெருகும்படி பழக்கப்பட்டது, உடலின் உட்பகுதிச் சூட்டில் பெருகாது. மூக்கின் உள்ளே உடம்பைவிடக் குளிர்ச்சி, அதனால் அங்கே மட்டும் பெருகி, நுரையீரலுக்குப் போகாமல் அடங்கிவிடும். குழந்தைகளுக்கு இது நன்றாகவே பயன்படுகிறது. பெரியவர்களிடம் பலன் குறையும் காரணத்தை இதுவரை படித்த நீங்களே ஊகிக்கலாம். பல வருட ஃப்ளூ தொற்றுகளால் மூக்கில் ஏற்கெனவே இருக்கும் ஐஜிஏ, மருந்து வைரஸையும் கட்டிப் போட்டு வெளியே தள்ளிவிடுகிறது. பெருகாத மருந்து பழக்காது. உயிருள்ள மருந்து எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இன்னோர் உதாரணம்: எச்1என்1 பகுதி சரியாகப் பெருகாததாலோ என்னவோ, பாதுகாப்பு குறைந்தது தெரிந்து, 2016 முதல் இரண்டு பருவங்களுக்கு அதைப் போட வேண்டாம் என்று அமெரிக்காவில் பரிந்துரைத்தார்கள். வைரஸ் வகையை மாற்றிய பிறகு அது திரும்ப வந்தது.

கோவிட்டுக்கு 2022-இல் இந்தியாவில் மூக்குச் சொட்டு மருந்தும், சீனாவில் மூச்சில் இழுக்கும் மருந்தும் அனுமதி பெற்றன. அதே ஆண்டு, ஆக்ஸ்ஃபோர்டு குழு தங்கள் ஊசி மருந்தையே மூக்கில் ஸ்ப்ரேயாக அடித்துப் பார்த்தபோது, பங்கேற்றவர்களில் சிலருக்குத்தான் மூக்கில் ஆன்டிபாடி வந்தது. ஊசிக்கு இருப்பதை அப்படியே மூக்கில் விட்டால் போதாது என்று அது காட்டியது. மூக்கு மருந்து பரவலை எவ்வளவு தடுக்கும் என்பதுதான் நாம் அறிய வேண்டிய கேள்வி. அதைக் காட்ட மூக்கின் ஐஜிஏவை அளந்தால் போதாது, தொற்று குறைந்ததா என்று பார்க்க வேண்டும். மூக்கைக் கழுவி எடுக்கும் மாதிரியில் ஒருவருடையது அதிகம் நீர்த்திருக்கும், இன்னொருவருடையது கெட்டியாக இருக்கும். ஒரு ஆய்வுக்கூடத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதே சிரமம். ரைனோவைரஸுக்கு, அதாவது உங்களை வருடத்துக்குப் பல தடவை படுத்தும் அந்தச் சளிக்கு, மூக்கு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

ஆகவே காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் ஃப்ளூ, கோவிட் ஊசிகளை அந்தந்த நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ மூக்கு ஸ்ப்ரே கிடைத்து அதை எடுக்க நினைத்தால், முதலில் வயது வரம்பைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2 முதல் 49 வயது வரை, ஐரோப்பாவில் 17 வயது வரைதான். கர்ப்பமாக இருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாசியிலும் 0.1 மில்லி அடிப்பார்கள். அடித்த பிறகு தும்மினாலும் மறுபடி அடிக்கத் தேவையில்லை. மூக்கு அடைத்திருக்கும் நாளில் மட்டும் தள்ளிப்போடுங்கள், மருந்து சவ்வைத் தொடாது. ஓசல்டாமிவிர் போன்ற ஃப்ளூ மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள், அது மருந்து வைரஸையும் பெருகவிடாது.